ஹாலும் மகாமும் ஃபனாவும்: வியாழன் இரவுகளில் கேட்ட கேள்விகள்

சூஃபி வழியில் மகாம் என்கிறீர்கள், ஹால் என்கிறீர்கள். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

என் சொந்தக் கதையிலிருந்தே சொல்கிறேன். பினாங்கில் நாங்கள் ஒரு சின்ன மண்டபத்தில் வியாழன் இரவு, இஷா தொழுகைக்குப் பிறகு, இறைவன் பெயரைச் சேர்ந்து சொல்லும் ராத்திபு ஓதுவோம். ஒரு நாள் அந்த இறை நினைவு, திக்ரு, உச்சத்துக்குப் போனபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்க முடியாத அழுகை. பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு. முடிந்ததும் நெஞ்சு லேசாகி, ஏதோ கிடைத்துவிட்டது என்ற நினைப்போடு நாசி கண்டார் சாப்பிடப் போனோம். பஞ்சிர் வேண்டாம், குழம்பைக் கொஞ்சமாக ஊற்று என்று சொல்லியிருந்தேன். ஊரிலிருந்து வந்து சில மாதமே ஆன பையன், சோறு மிதக்கும் அளவுக்கு ஊற்றிக் கொண்டுவந்து வைத்தான். கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி அவனைக் கத்தினேன். அழுது ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

திக்ரில் வந்தது ஹால். கடையில் தெரிந்தது என் மகாம்.

மகாம் என்றால் நிற்கும் இடம். ஹால் என்ற சொல்லுக்குள்ளேயே மாறுவது என்ற பொருள் இருக்கிறது. நிஷாபூரைச் சேர்ந்த இமாம் குஷைரி 1046 வாக்கில் எழுதிய 'ரிஸாலா'வில் இதை இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்: ஹால்கள் கொடை, மகாம்கள் சம்பாத்தியம். உழைத்து ஈட்டியது கையில் தங்கும். கொடையாக வந்தது கொடுத்தவன் நினைத்தால் போய்விடும். இதையும் தாண்டி, வேறு சிலர் சொன்னதாக அவர் ஒன்றை எடுத்துச் சொல்கிறார்: ஹால்கள் மின்னலைப் போல, ஒன்று போகாமல் நின்றுகொண்டே இருந்தால் அது மனசு தனக்குத் தானே பேசிக்கொள்வது. எனக்குப் பிடித்த வரி இது. ராத்திபு முடிந்து ரெண்டு நாள் ஆகியும் "இன்னும் அந்த நிலையிலேயே இருக்கிறேன்" என்று யாராவது சொன்னால் இந்த வரிதான் ஞாபகம் வரும்.

மொத்தம் எத்தனை மகாம்? ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்களே?

ஆமாம், ஆளுக்கொரு கணக்குதான். 988-இல் மறைந்த சூஃபி நூலாசிரியர் ஸர்ராஜ் ஏழு என்றார்: பாவத்திலிருந்து திரும்பும் தவ்பா, வரஉ (சந்தேகமானதை விடுவது), ஸுஹ்து (உலக ஆசையை விடுவது), ஃபக்ரு (ஏழ்மை), பொறுமையான ஸப்ரு, அல்லாஹ்வின் மேல் பாரத்தைப் போடும் தவக்குல், ரிளா. அடுத்த நூற்றாண்டில் ஹெராத்தில் வாழ்ந்த அன்ஸாரி நூறு என்று எண்ணினார். எண்ணிக்கைக்காகச் சண்டை போட வேண்டியதில்லை. ஒரே வழியில் ஒருவர் பெரிய ஊர்களை மட்டும் சொல்கிறார், இன்னொருவர் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்தையும் சொல்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு கருத்து வேறுபாடு பயனுள்ளது. அல்லாஹ் தருவதை மனம் கோணாமல் ஏற்கிற ரிளா, மகாமா ஹாலா? குராசான்காரர்கள் மகாம் என்றார்கள், இராக்காரர்கள் ஹால் என்றார்கள். குஷைரி இரண்டையும் சேர்த்து, ஆரம்பம் மகாம், முடிவு ஹால் என்று தீர்த்து வைத்தார். அதாவது ஏற்றுக்கொள்ளப் பழகுவது உன் வேலை. ஒரு நாள் அந்த ஏற்பு முயற்சியே இல்லாமல் உனக்குள் வந்து உட்கார்ந்தால் அது உன் சாமர்த்தியம் இல்லை.

ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டுமா? தன்னை இழக்கிற ஃபனாவுக்கு நேராகப் போக வழியில்லையா?

நேராக ஹால் வரலாம், யார் தடுக்க முடியும்? மகாமில்தான் அந்தக் குறுக்கு வழி இல்லை. ஒரு மகாமின் கடனைத் தீர்க்காமல் அடுத்ததில் கால் வைக்கக் கூடாது என்பது குஷைரியின் விதி. தவ்பா சரியாகாதவனுக்கு இனாபா, அதாவது முழுமையாகத் திரும்புவது, சரியாகாது. வரஉ இல்லாதவனின் ஸுஹ்து செல்லாது. கடையில் எடையைக் குறைத்து நிறுத்துவிட்டு, "எனக்கு உலக ஆசையே கிடையாது" என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

முதல் படியான தவ்பாவையே எடுத்துக்கொள்வோம். செய்ததற்கு வருந்த வேண்டும், உடனே விட வேண்டும், இனி செய்ய மாட்டேன் என்று உறுதி கொள்ள வேண்டும். அடுத்தவர் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதைத் திருப்பித் தர வேண்டும், அல்லது அவரிடம் மன்னிப்பு வாங்க வேண்டும். மேலே சொன்ன பையனிடம் மன்னிப்புக் கேட்க அடுத்த வாரம் போனேன். அவன் வேறு கடைக்குப் போய்விட்டான், எந்தக் கடை என்று யாருக்கும் தெரியவில்லை. முதல் படியிலேயே என் கணக்கு இன்னும் பாக்கி. மேல்படிகளைப் பற்றி எழுதுகிற ஆளின் நிலைமை இது என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

என் மகன் வேலையை விட்டுவிட்டான். கேட்டால் "தவக்குல்" என்கிறான். என்ன சொல்வது?

அம்மா, உங்கள் மகன் எடுத்துக் காட்டியது பழைய சூஃபி ஸஹ்ல் துஸ்தரியின் வாக்கு என்று சொன்னீர்கள்: தவக்குலின் முதல் படி, மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டுகிறவர் கையில் மையித்து கிடப்பதுபோல அல்லாஹ்வின் முன் கிடப்பது. வாக்கு உண்மைதான். ஆனால் அதே ஸஹ்ல் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: உழைத்துச் சம்பாதிப்பதைக் குறை சொல்கிறவன் சுன்னத்தைக் குறை சொல்கிறான், தவக்குலைக் குறை சொல்கிறவன் ஈமானைக் குறை சொல்கிறான். தம்பி பாதியைத்தான் படித்திருக்கிறார்.

மையித்து மாதிரி கிடக்க வேண்டியது மனசு. கை கால் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்ற ஹதீஸ் அவருக்கும் தெரிந்திருக்கும். அவருடைய தவக்குல் எப்படிப்பட்டது என்று தெரிய ஒரே ஒரு கேள்வி போதும்: மாசக் கடைசியில் யாரைப் பார்த்து நிற்கிறார்? உங்களைப் பார்த்து நின்றால் அது அல்லாஹ்வின் மேல் வைத்த தவக்குல் இல்லை, உம்மாவின் மேல் வைத்தது.

ஃபனா என்றால் அல்லாஹ்வோடு கலந்துவிடுவதுதானே?

இல்லை. லாகூரில் அடங்கியிருக்கும் ஹுஜ்வீரி இதற்கு ஒரு நல்ல உவமை சொல்கிறார். நெருப்பில் போட்ட எதுவும் நெருப்பின் குணத்துக்கு மாறுகிறது. இரும்பைப் போட்டால் அதன் தன்மை மாறும். ஆனால் இரும்பு ஒருபோதும் நெருப்பாகாது.

கரி அடுப்பைக் கிளறுகிற கம்பியைப் பாருங்கள். நுனி சிவந்துவிடும், தொட்டால் சுடும், காகிதத்தை வைத்தால் பற்றும். நெருப்பு செய்வதையெல்லாம் அது செய்கிறது. கறுப்பு, குளிர்ச்சி என்று இரும்புக்கு இருந்த குணம் ஒன்றும் மிச்சமில்லை. வெளியே எடுத்து வைத்தால் பழையபடி கம்பிதான். ஃபனாவில் அழிவது குணம். அந்த இடத்தில் வேறு குணம் வந்து நிலைப்பது பகா. அதனால்தான் பழைய ஆசிரியர்கள் இரண்டையும் ஜோடியாகவே சொன்னார்கள். கோபம் ஃபனா ஆனால் பொறுமை பகா ஆகிறது. ஒன்று போன இடத்தில் இன்னொன்று வரவில்லையென்றால் அங்கே எதுவும் நடக்கவில்லை. ஃபனா, பகா என்று இந்த ஜோடியை முதலில் பேசியவர் பாக்தாதின் அபூ ஸயீத் அல்கர்ராஸ், ஒன்பதாம் நூற்றாண்டுக்காரர்.

குர்ஆனில் இந்தச் சொற்களின் வேர் ஸூரா ரஹ்மானில், 26, 27 ஆம் வசனங்களில் இருக்கிறது: பூமியின் மேல் உள்ள எல்லாம் அழியக்கூடியது, உம் இறைவனின் முகமே நிலைக்கும்.

சரி, குணம் மாறுவது புரிகிறது. ஆனால் "தன்னையே மறந்துவிடுவது" என்கிறார்களே, அப்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குஷைரி இதற்கு ஸூரா யூஸுஃபை எடுக்கிறார்.

எகிப்தில் அஸீஸின் மனைவி, யூஸுஃபின் மேல் வைத்த ஆசைக்காக ஊர்ப் பெண்கள் தன்னைக் கேலி பேசுவதைக் கேட்டு, அவர்களை விருந்துக்கு அழைக்கிறாள். சாய்ந்து உட்கார இடம் போட்டு, ஒவ்வொருத்தி கையிலும் ஒரு கத்தியைக் கொடுக்கிறாள். பிறகு யூஸுஃபை வெளியே வரச் சொல்கிறாள். பார்த்த மாத்திரத்தில் அந்தப் பெண்கள் தங்கள் கைகளையே வெட்டிக்கொள்கிறார்கள். "இவர் மனிதரே இல்லை, கண்ணியமான வானவர்" என்கிறார்கள். இது 31-ஆம் வசனம்.

இதில் என்ன அழிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கை அழிந்ததா? இல்லை, கை இருந்ததால்தான் வெட்டுப்பட்டது. கத்தி இருந்தது, தோல் இருந்தது. அந்தப் பெண்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் யூஸுஃபாக மாறிவிடவில்லை. இல்லாமல் போனது ஒன்றே ஒன்று: தன் கையைப் பற்றிய உணர்வு. குஷைரி வைக்கும் வாதம் இதுதான். ஃபனா ஆனவனின் உடலும் இருக்கிறது, சுற்றியுள்ள மனிதர்களும் இருக்கிறார்கள், அவனுக்கு அவர்களைப் பற்றியோ தன்னைப் பற்றியோ செய்தி இல்லை. ஒரு படைப்பு இன்னொரு படைப்பைப் பார்த்ததற்கே இப்படி என்றால், படைத்தவனின் காட்சி திறக்கப்பட்டவன் தன்னை மறப்பதில் என்ன ஆச்சரியம்?

அவர் சொல்லும் இன்னொரு உதாரணம் நமக்கு இன்னும் பக்கத்தில் வரும். பெரிய அரசர் ஒருவரின் சபைக்குள் ஒருவன் போகிறான். பயபக்தியில் எல்லாம் மறந்துவிடுகிறது. வெளியே வந்ததும், உள்ளே யார் யார் இருந்தார்கள், நீ எப்படி நின்றாய் என்று கேட்டால் அவனால் எதுவும் சொல்ல முடியாது.

இதற்குள்ளும் படிகள் உண்டு. முதலில் தன்னையும் தன் குணங்களையும் மறப்பது. அடுத்து அவனுடைய குணங்களைப் பார்ப்பதையும் கடந்து அவனையே பார்ப்பது. மூன்றாவது, "நான் ஃபனாவில் இருக்கிறேன்" என்ற நினைப்பும் அழிவது. யோசித்துப் பாருங்கள்: "ஐயோ, என் கையை வெட்டிக்கொண்டிருக்கிறேனே, எவ்வளவு பெரிய காதல்!" என்று ஒருத்தி நினைத்திருந்தால் அவள் கத்தியைக் கீழே வைத்திருப்பாள்.

அஸீஸின் மனைவிக்குத்தான் எல்லோரையும்விடக் காதல் அதிகம். அவள் ஏன் கையை வெட்டிக்கொள்ளவில்லை?

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி கேட்டாள். குஷைரியும் இதைத் தொட்டிருக்கிறார் என்று சொன்னதும் அவளுக்குச் சந்தோஷம்.

நம் வழக்கில் ஸுலைகா என்று சொல்லும் அந்தப் பெண்ணின் ஒரு முடிகூட அன்று அசையவில்லை என்கிறார். காதல் குறைவு என்பதால் இல்லை. மற்றவர்களுக்கு அது திடீரென்று வந்த காட்சி. அவள் யூஸுஃபோடு ஒரே வீட்டில் இருந்து அந்தக் காட்சியில் ஊறியவள். முதல் நிலைக்குத் தல்வீன், நிறம் மாறிக்கொண்டே இருப்பது, என்று பெயர். அடுத்ததற்குத் தம்கீன், நிலைபெறுவது. ஹாலிலிருந்து ஹாலுக்குத் தாவுகிறவன் தல்வீனில் இருக்கிறான், வழியில் இருக்கிறான். போய்ச் சேர்ந்தவனிடம் வெளியே ஒன்றும் தெரியாது.

ஆகவே ராத்திபில் விழுந்து புரள்கிறவர் பெரியவர், ஓரமாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவர் சாதாரண ஆள் என்று நாம் போடும் கணக்கு தலைகீழாகவும் இருக்கலாம்.

அப்படியானால் சூஃபி ஹல்லாஜ் "அனல் ஹக்", அதாவது "நானே மெய்ப்பொருள்", என்றது?

922-இல் பாக்தாதில் அவரைக் கொன்றார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக மட்டும் இல்லை. அப்பாஸிய அரசவையின் பகைகள், ஹஜ்ஜைப் பற்றி அவர் சொன்னதாக வந்த குற்றச்சாட்டு, எல்லாம் சேர்ந்து வருஷக்கணக்கில் சிறை வைத்த பிறகு. அவருக்கு முன்பே பாயஸீத் பிஸ்தாமி "ஸுப்ஹானீ" (எனக்கே தூய்மை) என்றார். இப்படி நிலை மீறி வாயில் வருவதற்கு ஷத்ஹு என்று பெயர்.

இமாம் கஸ்ஸாலியின் விளக்கம் எனக்குத் தெளிவாகப் படுகிறது. கண்ணாடி மெல்லியது, உள்ளே இருக்கும் மது தெளிவானது. பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது. "கண்ணாடிதான் மது" என்று சொல்வது ஒன்று, "கண்ணாடியே மது போல இருக்கிறது" என்பது வேறு. மயக்கத்தில் "போல" விழுந்துவிடுகிறது. தெளிந்ததும் திரும்ப வருகிறது. அந்தப் பெண்கள் "இவர் மனிதரே இல்லை" என்றதும் அதே ரகம்தான், யூஸுஃப் மனிதர்தான். அவர்கள் சொன்னதை யாரும் அகீதாவாக, மார்க்க நம்பிக்கையாக, எடுத்துக்கொள்வதில்லை.

மயக்கம் இல்லாமல், தே தாரேக் குடித்துக்கொண்டே "அனல் ஹக்" என்று சொல்கிறவர்களைப் பற்றிக் கேட்டால், அவர்களிடம் கஸ்ஸாலிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கும்தான்.

குணங்குடியார் பாட்டில் "மனோன்மணி" வருகிறதே, அது எங்கள் அம்பாள் பெயராச்சே? இதுவும் அத்வைதமும் ஒன்றுதானே?

எங்கள் மண்டபத்துக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி கேட்டது. பெயர் உங்களுடையதேதான், அண்ணாச்சி. குணங்குடி மஸ்தான் சாகிபு ராமநாதபுரச் சீமையில் 1792-இல் பிறந்தவர், சுல்தான் அப்துல் காதிர் என்பது இயற்பெயர். தமிழில் ஊறிய சூஃபி. தாயுமானவர் பராபரக்கண்ணி பாடினார் என்றால் இவரும் ஒரு பராபரக்கண்ணி பாடியிருக்கிறார். காதலியைக் கூப்பிட வேண்டும் என்றபோது பாரசீகக்காரர் லைலாவைக் கூப்பிட்டார், இவர் தனக்குத் தெரிந்த மனோன்மணியைக் கூப்பிட்டார். காதலன் தன்னை இழக்கிற உணர்வு கேட்பவருக்கு ஒட்ட வேண்டுமென்றால் அவர் தாய்மொழியில் உள்ள பெயர்தான் வேண்டும்.

அத்வைதம் பற்றி: சூஃபிகளுக்குள்ளேயே இதில் ஒரே பேச்சு இல்லை. "உள்ளது ஒன்றுதான்" என்ற பக்கம் உண்டு. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மத் ஸிர்ஹிந்தி, "ஒன்றுதான் தெரிகிறது" என்று திருத்தினார். பகலில் சூரியன் எழுந்ததும் நட்சத்திரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியவில்லை என்பதால் நட்சத்திரமே இல்லை என்று ஆகிவிடுமா? நான் ஸிர்ஹிந்தி பக்கம். யூஸுஃப் கதையில் கை இருந்ததைப் பார்த்த பிறகு எனக்கு வேறு பக்கம் நிற்க முடியவில்லை. அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை, வாதம் இன்னும் நடக்கிறது.

திக்ரில் எனக்கு உடம்பே இல்லாத மாதிரி ஆனது. அது ஃபனாவா, வெறும் மயக்கமா?

முதலில் சாதாரணக் காரணங்களைப் பாருங்கள். நோன்பு வைத்து, பினாங்குப் புழுக்கத்தில், மூடிய அறையில் அரை மணி நேரம் வேகமாக மூச்சை இழுத்து விட்டால் விரல் மரத்துப்போகும், தலை லேசாகும். அது மூச்சு செய்த வேலை. ரெண்டு மூணு நாளாகத் தூக்கமே இல்லை, ஏதோ குரல் கட்டளை போடுகிறது என்றால் மண்டபத்துக்கு வராமல் டாக்டரிடம் போங்கள். வீட்டில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு.

அது இல்லையென்றால், தொழுகை நேரத்தை வைத்துப் பாருங்கள். பாக்தாதில் அபுல் ஹுஸைன் நூரி சில நாட்கள் சாப்பாடு தூக்கம் இல்லாமல் நின்றபடி அல்லாஹ், அல்லாஹ் என்று கதறிக்கொண்டிருந்தார். வக்து வந்தால் மட்டும் தொழுதார். இதைப் பார்த்த சிலர், நேரம் தெரிகிறதே, அப்படியானால் இவர் தெளிவாகத்தான் இருக்கிறார், நடிக்கிறார் என்றார்கள். அவர் காலத்துச் சூஃபி ஜுனைத் மறுத்தார்: இல்லை, உண்மையாகப் பரவசத்தில் இருப்பவர்களை அந்த நிலையிலும் அல்லாஹ் காக்கிறான்.

பிறகு அடுத்த வாரத்தைப் பாருங்கள். எந்தக் குணம் போனது, அந்த இடத்தில் எது வந்தது? இதை உங்களிடம் கேட்டுப் பயனில்லை, வீட்டில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டும். என் மனைவியிடம் கேட்டேன். "ஒன்றும் வித்தியாசம் தெரியலையே" என்றாள்.

முதலில் குருவான ஷைகில் ஃபனா, பிறகு ரசூலில், பிறகு அல்லாஹ்வில் என்கிறார் எங்கள் ஷைகு. எல்லாவற்றையும் அவரிடம் ஒப்படைக்கச் சொல்கிறார்.

இந்த மூன்று படி பிற்கால சூஃபி வழிகளான தரீக்காக்களில் உள்ளதுதான். குஷைரியின் நூலில் இல்லை. ஷைகில் ஃபனா என்றால் அவர் பழக்கும் பழக்கத்தில் உன் பிடிவாதம் கரைவது. அவருடைய பேங்க் கணக்கில் உன் சம்பளம் கரைவது இல்லை. பணம், வீட்டுப் பத்திரம், வீட்டுப் பெண்கள் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஃபனா, பகா எல்லாம் கடந்த ஆள் எப்படி இருப்பார்? பார்த்திருக்கிறீர்களா?

967 முதல் 1049 வரை குராசானில் வாழ்ந்த அபூ ஸயீத் இப்னு அபில் கைர் சொன்னது: அவர் மக்களுக்கு நடுவே இருப்பார், சாப்பிடுவார், தூங்குவார், சந்தையில் வாங்குவார் விற்பார், கல்யாணம் செய்வார், ஒரு கணமும் அல்லாஹ்வை மறக்க மாட்டார். கடைசியில் சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் எல்லோரும் செய்வது. கண்டுபிடிப்பது எப்படி?

சூலியா ஸ்ட்ரீட் பக்கம் மசாலாக் கடை வைத்திருக்கும் ஒரு மாமா அப்படிப்பட்டவரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. நாற்பது வருஷமாக ராத்திபுக்கு வருகிறார், ஒரு தடவையும் அழுது பார்த்ததில்லை. ஒரு நாள் அவர் கடையில் ஓர் அம்மா, வாங்கிப்போன மஞ்சள்தூள் சரியில்லை என்று பொட்டலத்தைக் கல்லாமேல் வீசினார். தூள் அவர் சட்டையெல்லாம் கொட்டியது. மாமா சட்டையைத் தட்டக்கூட இல்லை. புதுப் பொட்டலம் கட்டி, காசையும் திருப்பிக் கொடுத்து அனுப்பினார். நான் பக்கத்தில் போய், "மாமா, இது மகாமா ஹாலா?" என்றேன்.

"எது?" என்றார். சட்டையில் மஞ்சள் இருந்ததை நான் சொல்லித்தான் பார்த்தார்.